கடைசி ஸ்லைடில் ‘நன்றி’ எதற்கு, தம்பி?

நீங்கள் அனுப்பிய இன்டர்ன்ஷிப் பிரசன்டேஷனைப் பார்த்தேன். ஸ்டோர்ஸில் ஒரு பேரிங்கைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் போகிறது என்று நின்று அளந்திருக்கிறீர்கள், அது நல்ல வேலை. இடிப்பது பன்னிரண்டாவது ஸ்லைடுதான். பூங்கொத்துப் படம், ‘நன்றி’, கீழே ‘கேள்விகள்?’. கேள்வி பதில் முடியும்வரை திரையில் நிற்கப்போவது அதுதான். அவ்வளவு நேரமும் மேனேஜர் பூங்கொத்தைப் பார்த்து என்ன செய்வார்? நன்றியை வாயால் சொல்லிவிடலாம்.

அதற்கு முந்தைய ஸ்லைடில் ஐந்து பரிந்துரைகள் வைத்திருக்கிறீர்கள். ஐந்தைக் கேட்டால் “நல்லா இருக்கு, பார்க்கலாம்” என்று எழுந்துவிடுவார்கள். இப்படி யோசியுங்கள்: அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் யாரையும் கேட்காமல், அங்கேயே ‘சரி’ சொல்லக்கூடியது எது? பார்கோடுக்கும் சாஃப்ட்வேருக்கும் பணம் ஒதுக்க வேண்டும். ரேக் முழுவதையும் மாற்றி அடுக்க வேலையை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பொருள் இருக்கும் இடத்திலும் அதன் பெயரையும் இருப்பையும் குறித்துவைக்கும் அட்டை, அதாவது பின் கார்டு வைப்பது மட்டும் ஸ்டோர்ஸ் மேனேஜர் கையில் இருக்கிறது. மற்ற நான்கும் ரிப்போர்ட்டுக்குப் போகட்டும். கடைசி ஸ்லைடில் இது மட்டும்:

“வரும் திங்கள் முதல் இரண்டு வாரம், பேரிங் ரேக்கில் மட்டும் பின் கார்டு வைக்க அனுமதி தாருங்கள். தேவை: ஊழியர் ஒருவர், தினமும் மாலை 15 நிமிடம்.”

அந்த இரண்டாவது வரியை விடாதீர்கள். ‘இதனால் எனக்கு என்ன செலவு?’ என்பதுதான் அவர் மனதில் முதலில் எழும். ‘பரிசீலிக்கலாம்’, ‘கவனம் செலுத்த வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடித்துவிடுங்கள்.

கடைசி நிமிடத்தை எழுதி வைத்துப் பழகுங்கள். நூறு சொல் தாண்டினால் ஓட வேண்டியிருக்கும். நீங்கள் அளந்த நேரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், கோரிக்கையைச் சொல்லுங்கள், மேனேஜரைப் பார்த்து நிறுத்துங்கள். இந்த நிறுத்தம்தான் கஷ்டம். அந்த மௌனம் தாங்காமல் “அவ்வளவுதான் சார், ஏதாவது தப்பு இருந்தா...” என்று இழுத்து, கேட்டதையே பலர் கரைத்துவிடுகிறார்கள்.

கேள்வி நேரம் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. கடைசிக் கேள்வி எழுத்தின் அளவைப் பற்றிக்கூட இருக்கலாம். அதனால் இருபது விநாடி மிச்சம் வைத்து, கோரிக்கையை மறுபடி ஒருமுறை சொல்லி முடியுங்கள். நடுவில் ஏழாவது ஸ்லைடைக் கேட்டால், பவர்பாயின்ட்டில் 7 அடித்து என்டர் தட்டுங்கள். திரும்பி வர 12, என்டர். கூடுதல் அட்டவணைகளைப் பன்னிரண்டுக்குப் பின்னால் வையுங்கள். கைதவறி ஒரு தட்டு கூடினாலும் திரை கறுத்துப்போகாது.

முதலில் வீட்டில் யாரிடமாவது பேசிக் காட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, “நான் யாரிடம் என்ன கேட்டேன்?” என்று கேளுங்கள். ‘ஸ்டோர்ஸை நல்லா வச்சுக்கணும்னு சொன்னே’ என்று பதில் வந்தால் ஸ்லைடை இன்னும் சுருக்க வேண்டும்.

அப்புறம், இதையே காலேஜ் வைவாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். எக்ஸாமினர் மதிப்பெண் போட வந்தவர், அவரிடம் அனுமதி கேட்பது பொருந்தாது. அங்கே அதே இடத்தில் உங்கள் முடிவை ஒரு வாக்கியமாகப் போட்டால் போதும்.