பட்ஜெட் 18 லட்சம், கேண்டிடேட் கேட்பது 21.5 லட்சம்: பதில் மெயிலை எப்படி எழுதுவது?

பதில் சொல்பவர் சென்னையில் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் ஹெச்ஆர் மேலாளர்.

கேள்வி (சென்னை, ஹெச்ஆர் எக்ஸிக்யூட்டிவ்): சீனியர் டெவலப்பர் ஒருவரைத் தேர்வு செய்துவிட்டோம். அப்ரூவ் ஆன சிடிசி 18 லட்சம். அவர் கையில் 21.5 லட்சத்துக்கு இன்னொரு ஆஃபர் இருக்கிறதாம். எங்கள் மேனேஜர் “நல்லபடியாக ஒரு மெயில் போடு” என்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

மெயிலைத் திறக்கும் முன் ஒரு போன் பேசுங்கள். அந்த 21.5 எப்படிப் பிரிகிறது என்று மட்டும் கேளுங்கள். சொல்ல அவருக்கு விருப்பமில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒரு பேச்சுக்கு, அவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ஃபிக்ஸட் 17.6 லட்சம், வேரியபிள் 2.4, ஜாயினிங் போனஸ் 1, மீதி 50 ஆயிரம் கிராஜுவிட்டியும் இன்ஷூரன்ஸும். உங்கள் 18 லட்சத்தில் கிராஜுவிட்டியும் இன்ஷூரன்ஸும் 60 ஆயிரம் போக, ஃபிக்ஸட் 17.4 லட்சம். மூன்றரை லட்சமாகத் தெரிந்த இடைவெளி, மாதாமாதம் வரும் சம்பளத்தில் வருடத்துக்கு வெறும் 20 ஆயிரம்தான். மற்றதெல்லாம் வேரியபிளும் ஒருமுறை வரும் போனஸும்.

இந்தக் கணக்கு தெரியாமல் மெயில் எழுதினால், “எங்கள் கலாசாரம், வளர்ச்சி வாய்ப்பு” என்று ஒரு பத்தி ஓடும். அவர் அதைப் படிக்காமல் நேராக எண்ணைத் தேடுவார்.

அடுத்து ஃபைனான்ஸிடம் போங்கள். சம்பளத்தை ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒருமுறைச் செலவாக 1.5 லட்சம் ஜாயினிங் போனஸ் தர முடியுமா என்று கேளுங்கள். ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகு மெயில் இப்படிப் போகலாம் (ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசைதான்):

> வணக்கம்,
>
> நேற்று பேசியதற்கு நன்றி. நீங்கள் கேட்ட 21.5 லட்சத்தை எங்களால் தர இயலவில்லை. இந்தப் பொறுப்புக்கு ஒப்புதல் பெற்ற ஆண்டு சிடிசி 18 லட்சம். அதில் ஃபிக்ஸட் 17.4 லட்சம். வேரியபிள் எதுவும் இல்லை.
>
> இதற்கு மேல், முதல் மாதச் சம்பளத்துடன் 1.5 லட்சம் ஜாயினிங் போனஸ் தருகிறோம். ஓராண்டுக்குள் விலகினால், மீதமுள்ள மாதங்களுக்கு உரிய பங்கைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.
>
> பிரிவு வாரியான தாளை இணைத்திருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால், ஆஃபர் லெட்டர் அனுப்பும் வேலையைத் தொடங்கிவிடுவோம். அதற்குள் பேச வேண்டுமென்றால் அழையுங்கள்.

முடியாது என்பது இரண்டாவது வரியிலேயே வந்துவிடுகிறது, கவனியுங்கள். அதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்தால், மேலே படித்த நல்ல வார்த்தைகள் எல்லாம் அவருக்குப் பசப்பாகத் தெரியும்.

இன்னொன்று. முதல் வருடம் உறுதியாக வரும் தொகை அங்கே 18.6 லட்சம், இங்கே 18.9. ஆனால் வேரியபிள் முழுதாக வந்தால் அங்கே 21 ஆகிவிடும். இரண்டாம் வருடம் அங்கே 20, இங்கே 17.4. அவர் கேட்டால் இதை ஒத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தெரிந்த டெவலப்பரிடம் மறைத்துப் பயனில்லை.

கேள்வி (கோவை, சின்ன நிறுவனத்தின் பங்குதாரர்): ஜாயினிங் போனஸ் சம்பள பட்ஜெட்டில் வராதே. அப்போது மூன்றரை லட்சத்தையும் போனஸாகவே கொடுத்து முடித்துவிடலாமே?

சம்பள வரம்பில் வராது என்பது சரி. ஆனால் அதுவும் ஒருவர் ஒப்புதல் தர வேண்டிய செலவுதானே? அதைவிடப் பெரிய சிக்கல் பதின்மூன்றாவது மாதத்தில் வரும். முதல் வருடம் 21.5 வாங்கியவருக்கு அடுத்த வருடம் 18 என்றால், நீங்கள் 10 சதவீதம் ஏற்றினாலும் அவர் கணக்கில் சம்பளம் குறைந்திருக்கும். திருப்பித் தரும் நிபந்தனையும் அதே நேரத்தில்தான் முடிகிறது. அடுத்த வேலை தேட அதைவிட வசதியான நேரம் அவருக்குக் கிடைக்காது.

போனஸ், இடைவெளியின் ஒரு பகுதியைத்தான் அடைக்க வேண்டும். முழு இடைவெளியையும் அதை வைத்துத்தான் அடைக்க முடியும் என்றால், அந்தப் பொறுப்புக்கு நீங்கள் வைத்த சம்பளமே குறைவு. மெயிலை விட்டுவிட்டு பட்ஜெட்டைத் திரும்பப் பேசுங்கள்.

கேள்வி (மதுரை): நான் பேப்பர் போட்டதும் என் மேனேஜர் 20% ஏற்றித் தருவதாக மெயில் அனுப்பியிருக்கிறார். கவுன்டர் ஆஃபரை ஏற்கலாமா?

இங்கே பேசுவது வேறு கவுன்டர் ஆஃபர். புதிதாக எடுக்கும் கம்பெனி கேண்டிடேட்டுக்குச் சொல்லும் மறுதொகை. உங்களுடையது, போகிறவரைப் பிடித்து வைக்கத் தருவது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த 20 சதவீதம் எந்தத் தேதியிலிருந்து என்று திருத்திய சம்பளக் கடிதமாக வரும் வரை ராஜினாமாவைத் திரும்பப் பெறாதீர்கள்.

ஆள் எடுப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். நோட்டீஸ் பீரியட் 60, 90 நாள் என்று ஓடும்போது, உங்கள் மெயிலை ஏற்றவருக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். ஏற்றுக்கொண்டார் என்று ஃபைலை மூடிவிடாமல் இடையிடையே பேசிக்கொண்டிருங்கள்.

கேள்வி (பெங்களூருவில் வேலை பார்க்கும் டெவலப்பர்): எனக்கு வந்த மெயிலில் “ஆறு மாதத்தில் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படும்” என்று இருக்கிறது. நம்பலாமா? போனஸைத் திருப்பிக் கேட்டால் வரி பிடித்த தொகையையும் சேர்த்துக் கேட்பார்களா?

மறுபரிசீலனை என்றால் பார்ப்பார்கள் என்றுதான் பொருள், ஏற்றுவார்கள் என்றில்லை. யார் பார்ப்பார், எதை வைத்துப் பார்ப்பார், ஏற்றினால் எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள். இந்த மூன்றும் ஆஃபர் லெட்டரில் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. மெயிலில் மட்டும் இருந்தால், அனுப்பியவர் வேலை மாறியதும் அந்த வாக்குறுதியும் அவரோடு போய்விடும். அதனால்தான் மேலே உள்ள மாதிரியில் அந்த வரியை நான் சேர்க்கவில்லை. அப்ரூவல் இல்லாமல் ஹெச்ஆர் அதை எழுதவே கூடாது.

போனஸ் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரியானது. அது சம்பள வருமானம், கொடுக்கும்போதே டிடிஎஸ் பிடிப்பார்கள். பல கடிதங்களில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்றிருக்கும். அதே நிதியாண்டுக்குள் விலகினால் கணக்கைச் சரிசெய்வது ஓரளவு எளிது. மார்ச் தாண்டிவிட்டால், கைக்கு வராத பணத்தையும் நீங்கள் கட்டுவது போலாகும். வரி போக வந்த தொகை மட்டும், அதுவும் மாதக் கணக்கில் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனாலும் கையெழுத்துக்கு முன்னால்தான் கேட்க முடியும்.

கேள்வி (சென்னை, இருபது வருடமாக ஆள் எடுப்பவர்): இத்தனையும் எதற்கு? முதல் போனிலேயே “எங்கள் உச்சவரம்பு 18” என்று சொல்லிவிட்டால் மூன்று ரவுண்டு இன்டர்வியூ மிச்சமாகுமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் நேரம் மிச்சம். என் தயக்கம் ஒன்றுதான்: உச்சவரம்பைச் சொன்னால் எல்லோரும் அதையே கேட்பார்கள். அதே டீமில் 16.5 லட்சத்துக்கு மூன்று வருடமாக உழைப்பவருக்கு அது தெரியவந்தால், அந்த உரையாடலுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். வரம்பை வீச்சாக, 15 முதல் 18 என்று சொல்லிப் பார்க்கிறேன். கேண்டிடேட் காதில் 18 மட்டும்தான் விழுகிறது. இதற்கு நல்ல வழி என்னிடம் இன்னும் இல்லை. வேறு யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி): வெள்ளி மாலை வரை பதில் வரவில்லை. அடுத்து?

சனிக்கிழமை தொந்தரவு செய்ய வேண்டாம். திங்கள் காலை ஒரு போன், எடுக்கவில்லையென்றால் இரண்டு வரி மெயில்: ஆஃபர் புதன் வரை இருக்கும், அதன்பின் அடுத்தவரிடம் பேசுவோம் என்று. உண்மையிலேயே அடுத்தவர் இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். இல்லையென்றால் தேதியை மட்டும் சொல்லுங்கள்.