தையல் ட்ரேயை எடுத்து வைத்து எழுதிப் பாருங்கள்

கேள்வி: இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் பேப்பருக்குப் படிக்கிறேன். காயத்துக்குத் தையல் போட்டு முடிச்ச ட்ரேயை அப்புறம் என்ன செய்யணும்னு கேட்டா எந்த வரிசையில எழுதறது? ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை முதல்ல ஹைப்போகுளோரைட்ல ஊறவைக்கணுமா? எந்தக் கழிவு எந்த நிறத்துலனு மனப்பாடம் பண்ணினாலும் குழம்புது.

பதில்:

ஊறவைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 கையேடு, கழுவுவதற்கு முன் கருவிகளைக் குளோரின் கரைசலில் ஊறவைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. குளோரின் ஸ்டீலை அரிக்கும். அதோடு, ரத்தம் ஒட்டியிருந்தால் குளோரின் அந்த ரத்தத்தோடு வினைபுரிந்தே பெருமளவு தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிஞ்சுவது குறைவு. பழைய பாடநூல்களிலும் பிரசவ அறைக் கைநூல்களிலும் "0.5% குளோரினில் 10 நிமிடம்" என்பது முதல் படியாக இருக்கும். கேள்வி அந்தக் கரைசலைப் பெயர் சொல்லிக் கேட்டால் அதை எழுதுங்கள். வரிசையைக் கேட்டால் கழுவுதலில் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தையல் ஊசியையும் பிளேடையும் பயன்படுத்தியவரே, அதே இடத்தில், நீடில் ஹோல்டரால் பிடித்துக் கூர்பொருள் டப்பாவில் போட்டுவிட வேண்டும். ட்ரேயில் காஸுக்கு அடியில் கிடக்கும் வளைந்த ஊசி, கழுவப்போகிறவரின் விரலில்தான் ஏறும்.

பிறகு, ரத்தம் காயாமல் பார்த்துக்கொள்வது. கருவிகளை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, மூடியுள்ள பெட்டியில் கழுவுமிடத்துக்கு அனுப்ப வேண்டும். நார்மல் சலைனில் நனைக்கக் கூடாது. அதிலுள்ள உப்பு ஸ்டீலில் குழி விழச் செய்யும்.

கழுவும்போது முதல் அலசல் வெந்நீரில் இருக்கக் கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதுபோல ரத்தத்தின் புரதமும் இறுகி ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, லேபிளில் சொன்ன அளவில் கலந்த என்சைம் டிடர்ஜென்ட்டில், லேபிளில் சொன்ன நேரம் வைக்கிறோம். ஃபோர்செப்ஸின் ராட்செட்டைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்துத் தேய்க்க வேண்டும். குழாயடியில் தேய்த்தால் துளிகள் முகத்தில் தெறிக்கும். தடித்த கிளவுஸ், ஏப்ரன், கண்ணாடி, மாஸ்க் எல்லாம் இந்தக் கட்டத்துக்குத்தான் அதிகம் தேவை.

ஃபோர்செப்ஸின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று குறுக்கிடும் மூட்டுதான் அழுக்கு ஒளியும் இடம். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் திறந்து மூடிப் பாருங்கள். பழுப்பாக ஏதாவது தெரிந்தால் பென்சில் ரப்பரால் அழித்துப் பார்க்கலாம். அழிந்து, அடியில் பளபளப்பு இருந்தால் அது கறை. அழித்த இடத்தில் குழி தெரிந்தால் அரிப்பு, அந்தக் கருவியை ஒதுக்க வேண்டும். அழுக்கு மிச்சமிருந்தால் ஆட்டோகிளேவ் அதைச் சரிசெய்யாது. நீராவி அழுக்குக்குள் சரியாக நுழையாது; கிருமி அதற்குள் பத்திரமாக இருக்கும்.

இந்த ஃபோர்செப்ஸுக்குத் தொற்றுநீக்கம் போதாதா என்று கேட்டால், போதாது. திசுவுக்குள் போகும் கருவி ஸ்பால்டிங் வகைப்பாட்டில் முதல் வகை. ஸ்போர்கள் உட்பட எல்லாம் அழிய வேண்டும். சளிச்சவ்வைத் தொடும் லாரிங்கோஸ்கோப் பிளேடுக்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் போதும், முழுத் தோலை மட்டும் தொடும் பி.பி. கஃபுக்குத் தாழ்நிலை போதும். மூன்றுக்கும் கழுவுதல் பொது.

பேக் செய்யும்போது ஃபோர்செப்ஸ் திறந்தே இருக்க வேண்டும். பூட்டினால் மூட்டுக்குள் நீராவி போகாது. கிண்ணங்களைச் சாய்த்து வைப்பது, காற்று வெளியேறவும் தண்ணீர் வடியவும். ஈர்ப்புவிசை வகை ஆட்டோகிளேவில் பேக் செய்த கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம். அந்த வெப்பநிலையைத் தொட்ட பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். கொல்வது அழுத்தமல்ல, நீராவியின் வெப்பம். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 காட்டினாலும் வெப்பம் 121-ஐத் தொடாது. அதனால் விடையில் வெப்பநிலையை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் எழுதாதீர்கள்.

வெளியில் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால், அந்த பேக் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் பொருள். ஸ்போர்கள் செத்தனவா என்று சொல்வது, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர்களை வைத்துச் செய்யும் உயிரியல் சோதனை. பேக் ஈரமாக வெளியே வந்தால், டேப் கறுத்திருந்தாலும் அது ஸ்டெரைல் இல்லை. ஈரத் துணி வழியாக வெளியிலுள்ள கிருமி உள்ளே இறங்கும். பிரித்து, மறுபடி பேக் செய்து, மறுபடி போட வேண்டும்.

இனி கழிவு. நிறத்தை மனப்பாடம் செய்வதைவிட, அந்தப் பொருள் கடைசியில் எங்கே போகிறது என்று யோசித்தால் குழப்பம் வராது. இந்தியாவின் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் மஞ்சள் பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. சிவப்பு, கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக், ரப்பர். வெள்ளை, குத்தக்கூடிய உலோகம். நீலம், கண்ணாடி, உலோக இம்பிளான்ட்டும் இதில் சேரும்.

உங்கள் ட்ரேயிலேயே பார்ப்போம். ரத்தம் நனைந்த காஸ், பஞ்சு மஞ்சளுக்கு. கிளவுஸ் சிவப்புக்கு. ரத்தம் பட்டதாயிற்றே என்று பலர் மஞ்சளில் போட்டு மதிப்பெண் இழப்பது இங்கேதான். மாஸ்க் மஞ்சள். மரத்துப்போக மருந்து போட்ட சிரிஞ்சில் ஊசிக்கு மூடி மாட்டாமல், நீடில் கட்டரில் வெட்டினால், ஊசி வெள்ளைக்கும் பிளாஸ்டிக் உடல் சிவப்புக்கும் பிரியும். பிரிக்க முடியாமல் ஊசி பொருத்தியே வரும் சிரிஞ்ச் முழுதாக வெள்ளைக்கு. தையல் ஊசி, நூல் ஒட்டியிருந்தாலும் வெள்ளைதான். லிக்னோகெயின் தீர்ந்த கண்ணாடி வயல் நீலத்துக்கு. காலாவதியாகி மருந்தோடு இருந்தால் மஞ்சளுக்கு. ரத்தம் படாத சிரிஞ்ச் உறை, தையல் நூல் வந்த காகிதம் இவை உயிரி மருத்துவக் கழிவே அல்ல, பொதுக் குப்பை.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். பி.வி.சி. குழாய் மஞ்சளில் போய் எரிந்தால் டையாக்சின் வரும். ஊசி சிவப்பில் விழுந்தால் பையைத் தூக்குகிறவரின் காலில் குத்தும்.

பழைய புத்தகத்தில் படிக்கிறீர்கள் என்றால் இரண்டு இடங்களில் கவனம். காலாவதி மருந்துக்குக் கறுப்புப் பை என்றிருந்தால் அது 1998 விதி. நீலத்துக்கு அட்டைப்பெட்டி என்றிருந்தால் அது 2016-ன் முதல் வடிவம். 2018 திருத்தத்துக்குப் பிறகு, நீல அடையாளமிட்ட, துளைபடாத, கசியாத பெட்டி.