வேலை தேடலில் எந்தக் கட்டம் சறுக்குகிறது?

"80 விண்ணப்பம் போட்டேன், 6 பதில்தான் வந்தது. என் ரெஸ்யூம்தான் பிரச்சினையா?"

இந்த ஒரு விகிதத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதலில், கடைசி இரண்டு வாரங்களில் அனுப்பியவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றுக்குப் பதில் வர இன்னும் நேரம் இருக்கிறது. அவை 30 என்று வைத்துக்கொண்டால், மீதி 50-க்கு 6 பதில், அதாவது 12%. "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று தானாக வரும் மெயிலைப் பதிலாக எண்ணாதீர்கள். ஒரு மனிதர் எழுதியதோ அழைத்ததோ மட்டும்தான் கணக்கு.

அப்புறம் அந்த 50-ஐ வழிவாரியாகப் பிரியுங்கள். தெரிந்தவர் பரிந்துரையில் போன 10-க்கு 4 பதில், வேலைத் தளங்களில் நேரடியாகப் போட்ட 40-க்கு 2 என்று வந்தால் கதையே வேறு. இரண்டுக்கும் ஒரே ரெஸ்யூம்தானே போனது? அப்படியானால் அந்த 40 விளம்பரங்களைத் திறந்து, கட்டாயத் தகுதிகள் உங்களுக்கு உண்மையில் எத்தனையில் பொருந்துகின்றன என்று பாருங்கள். பாதிக்கு மேல் பொருந்தவில்லை என்றால், ரெஸ்யூமைத் திருத்துவதைவிட வேலையைத் தேர்ந்தெடுப்பதை மாற்றுவதே பயன் தரும். நன்றாகப் பொருந்தியும் பதில் இல்லையென்றால்தான் சந்தேகம் ரெஸ்யூம் மீது விழ வேண்டும்.

நேர்காணல் கட்டத்தில் எண்ணிக்கை சிறியது, அதனால் சதவீதம் ஏமாற்றும். அங்கே எந்தச் சுற்றில் நின்றது என்று மட்டும் குறித்து வையுங்கள். 6 பேரில் 5 பேர் முதல் போன் பேச்சோடு நிறுத்திவிட்டால், சம்பள எதிர்பார்ப்பையும் சேரும் தேதியையும் நீங்கள் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். தொழில்நுட்பச் சுற்றில் நின்றால் தேவை பயிற்சி.