பிரஷ் பேனாவில் தமிழ் எழுத்து: ‘மலை’யை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: திருகோணமலையில் மகள் ஒரு எழுத்துப் போட்டிக்குப் பழகுகிறாள். கோட்டு வரிசை, தடிப்பு மெல்லிசு, இணைப்பு மூன்றுக்கும் புள்ளி உண்டாம். எப்படிப் பழக்குவது?

பதில்: ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு எழுத்தான ‘மலை’ போதும். முதலில் ‘ம’. இடப்பக்கம் மேலிருந்து அழுத்தி இறக்க வேண்டும். அடிக்கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தத்தைக் குறைத்து, நுனியால் வலப்பக்கம் போய், அதே மெல்லிசில் மேலே ஏறி வளைந்து, நடுவில் மறுபடி அழுத்தி இறக்கி முடிக்கலாம். பேனாவை எடுக்கவே வேண்டாம். மூலையில் மை குமிழ்போல் திரண்டால், திரும்பிய பிறகுதான் கை தளர்ந்தது என்று அர்த்தம். நடுவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

அப்புறம் ‘லை’. ஒலியில் பின்னால் வந்தாலும் கையில் ‘ை’ முந்தி வரும்; ‘ல’வை எழுதிவிட்டு அதை முன்னால் செருகினால் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். ‘ம’ நடுவில், அடியில் முடிவதால் அங்கிருந்து ‘ை’க்குக் கோடு இழுக்க வேண்டாம். ஆங்கிலக் கூட்டெழுத்தைப் பார்த்துப் பலர் இழுக்கிறார்கள், எழுத்தே மாறித் தெரிகிறது. உண்மையான இணைப்பு பழைய ‘லை’யில் இருந்தது: ‘ை’க்குப் பதிலாக யானைத் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டியே வரும். தமிழ்நாட்டில் 1978 சீர்திருத்தத்தில் அது போய்விட்டது. அழகுக்காக அதை எழுத விரும்பினால், ஏற்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொப்பித் தாள் வேண்டாம். மை பரவி, மெல்லிய கோடும் தடித்துவிடும்.