பழைய கூட்ட அறிக்கைப் புத்தகத்தின் ஸ்கான் பிரதியை வங்கி ஏற்குமா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தின் கையால் எழுதிய கூட்ட அறிக்கைப் புத்தகத்தை ஸ்கான் செய்து, வங்கிக் கணக்கின் கையொப்பக்காரரை மாற்றிய தீர்மானத்தை வங்கிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் தீர்மானம் உள்ள பக்கம் மட்டும் போதாது. அந்த அறிக்கை வாசித்து உறுதிப்படுத்தப்பட்டு, தலைவர் கையொப்பமிட்டது பெரும்பாலும் அடுத்த கூட்டத்தின் பக்கத்தில்தான் பதிவாகியிருக்கும். தீர்மானம் 47ஆம் பக்கத்திலும் உறுதிப்படுத்தல் 51இலும் இருந்தால், 47 முதல் 51 வரை தொடர்ச்சியாக எடுங்கள். இடையில் ஒரு பக்கம் விடுபட்டாலும் சந்தேகம் எழும்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய நீல மை பிரதியில் தெரியாமல் போகலாம். ஆகவே நிறத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில், தாளின் நான்கு ஓரங்களும் பக்க இலக்கமும் தெரிய எடுங்கள். தையலைப் பிரிக்க வேண்டாம், ஏனெனில் கட்டுக் குலையாத புத்தகமே பக்கங்கள் மாற்றப்படவில்லை என்பதற்குச் சான்று. வெட்டுகளையும் திருத்தங்களையும் கணினியில் சுத்தம் செய்வது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஆவணத்தை மாற்றுவதாகும்.

அச்சிட்ட பின் செயலாளர் ஒவ்வொரு தாளையும் மூலத்தோடு ஒப்பிட்டு, "மூலப் புத்தகத்துடன் ஒப்பிட்டேன்; இது உண்மைப் பிரதி" என்று எழுதி, பெயர், பதவி, திகதி, கையொப்பம், முத்திரை இடவேண்டும். புதிய கையொப்பக்காரர் அவரேயானால், தலைவர் உறுதிப்படுத்துவதே முறை. சமாதான நீதவானின் கையொப்பமும் வேண்டுமா என்பதைக் கிளையில் முன்கூட்டியே கேளுங்கள். மூலப் புத்தகத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.