பேச ஒப்புக்கொள்ளும் மெயிலில் என்ன எழுதுவது?

“திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் பேச அழைத்து மெயில் வந்திருக்கிறது. சென்னையிலிருந்து போகணும். ‘சரி, வருகிறேன்’ என்று எழுதினால் போதுமா?”

போதாதுங்க. முதல் வரியில் சம்மதத்தைச் சொல்லிவிட்டு, மற்றதை நீங்கள் புரிந்துகொண்டபடி எழுதிவிடுங்கள். தப்பிருந்தால் அவர்களே திருத்துவார்கள். இப்படி:

“மார்ச் 14 அன்று பேச மகிழ்ச்சியுடன் சம்மதிக்கிறேன். தலைப்பு: ‘ஊர்க் குளங்களைத் தூர்வாருதல்’. காலை 11 முதல் 11.45 வரை பேச்சு, பிறகு 15 நிமிடம் கேள்விகள் என எடுத்துக்கொள்கிறேன். என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டுமே உண்டு. உங்கள் ப்ரொஜெக்டர் விஜிஏ என்றால் கன்வெர்ட்டர் தேவை. 13 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்பி மறுநாள் காலை வருகிறேன். டிக்கெட்டை நீங்கள் எடுக்கிறீர்களா, நான் எடுத்துப் பிறகு பணம் பெற்றுக்கொள்ளவா?”

வீடியோ காட்டுவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். விஜிஏ கேபிளில் படம்தான் போகும், சத்தம் போகாது. ஆடியோ கேபிள் தனியாக வேண்டும்.

டிக்கெட் கேள்வியைக் கூச்சப்பட்டு விடாதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். பேசி முடித்து ஊர் திரும்பிய பிறகு, “பயணப்படிக்கு முன்அனுமதி வாங்கலையே சார்” என்று கைவிரித்துவிட்டார்கள்.