16 மெகாபிட் சிப்: 20 அட்ரஸ் லைனா, 21-ஆ?

கேள்வி: 16 Mb கொள்ளளவு, 16 பிட் அகலம் உள்ள ஒரு ரேம் சிப்புக்கு எத்தனை அட்ரஸ் லைன் வேண்டும்? எனக்கு 21 வருகிறது, விடையில் 20 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

நீங்கள் பைட்டுகளை எண்ணியிருக்கிறீர்கள். சிப் எண்ணுவது வேர்டுகளை.

ஒரு முகவரியைக் கொடுத்தால் இந்தச் சிப்பிலிருந்து 16 பிட்டும் சேர்ந்தே வரும். அதனால் எல்லாவற்றையும் முதலில் பிட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் வகுப்பதுதான் என் வழக்கம்.

```
16 Mb = 2^4 × 2^20 = 2^24
2^24 / 2^4 = 2^20  → 20
2^24 / 2^3 = 2^21  → 21
```

இரண்டாவது வரி 16 பிட் வேர்டுக்கு, மூன்றாவது பைட்டுக்கு. விடை எவ்வளவு விலகுகிறது என்பதே தப்பு எங்கே என்று காட்டிவிடும். Mb-ஐ MB என்று படித்துவிட்டால் 8 மடங்கு, அதாவது 3 லைன் கூடும். வேர்டை மறந்து பைட்டாக எண்ணினால் 16 பிட் அகலத்தில் 1 கூடும், 32 பிட்டில் 2 கூடும்.

ஆனாலும் உங்கள் 21 வீண் இல்லை. பைட் பைட்டாக முகவரி சொல்லும் பிராசஸருக்கு இதே 2 MB-ஐச் சுட்ட 21 பிட் வேண்டும். அதில் கடைசி பிட்டான A0, வேர்டுக்குள் எந்த பைட் என்பதை மட்டும் சொல்கிறது. ஆகவே பிராசஸரின் A1-தான் சிப்பின் A0-க்குப் போக வேண்டும், A20 போய் A19-இல் சேர வேண்டும். எந்த பைட் என்பதைத் தனி பைட் தேர்வு பின்கள் பார்த்துக்கொள்ளும். மோட்டோரோலா 68000-இல் A0 என்று ஒரு பின்னே கிடையாது. A1 முதல் A23 வரை 23 பின்கள்தான், ஆனால் ஒவ்வொரு முகவரியும் 2 பைட் என்பதால் 16 MB எட்டும்.

இதைக் கவனிக்காமல் ஒரு போர்டில் A0-ஐ A0-க்கே இழுத்து, A19 வரை அப்படியே இணைத்துவிட்டேன். எழுதிப் படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வந்தது. 16 பிட்டாகப் படிக்கும்போது A0 எப்போதும் 0 என்பதால், சிப்பின் இரட்டைப்படை இடங்கள் மட்டுமே பயன்பட்டன. மீதிப் பாதியை யாருமே தொடவில்லை. 1 MB தாண்டி எழுதியபோதுதான் ஆரம்பத்தில் இருந்த தரவு அழிந்தது. இந்தச் சோதனை அதை உடனே பிடித்துவிடும்:

```c
volatile uint16_t *m = BASE;
m[0] = 0x1234;
m[0x80000] = 0xABCD;
/* m[0] == ? */
```

`m[0]` இப்போது `0xABCD` என்று வந்தால் இணைப்பு ஒரு லைன் தள்ளியிருக்கிறது. இங்கே `0x80000` என்பது வேர்டு எண். பைட்டில் அது `0x100000`, அதாவது சரியாக 1 MB. `m[0x100000]` என்று எழுதினால் 2 MB-ஐத் தாண்டி, சிப்புக்கு வெளியே போய்விடுவீர்கள்.